கெஞ்சல் மனு அல்ல, கடன் கேட்கும் கடிதம்

பக்கத்து ஊர் மாணவி ஒருவர் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை எங்களிடம் கொண்டு வந்தார். “மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா, நான் ஏழை ஆதிதிராவிடர் குடும்பத்தைச் சேர்ந்தவள். தாங்கள் கருணை கூர்ந்து பணத்தைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று தொடங்கியது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் வரியே பிழை.

நடந்தது இதுதான். “ஓராண்டு நர்சிங் டிப்ளமோ, அரசு அங்கீகாரம் பெற்றது, அரசு மருத்துவமனை வேலைக்குத் தகுதி, எஸ்.சி. மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப்” என்று ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன் 30,000 ரூபாயோடு கைக்காசையும் சேர்த்து 45,000 கட்டினார். ஐந்து மாதம் கழித்து ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போனபோது, நிறுவனத்தின் பெயரே பட்டியலில் இல்லை. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே கிடைக்கும். பெண் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

செவிலியராக வேலை பார்க்கத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பெயர் பதிய வேண்டும். அதற்கான படிப்புகள் துணை செவிலியர் 2 ஆண்டு, டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. அதையும் குழுமம் ஏற்ற நிறுவனத்தில்தான் படித்திருக்க வேண்டும். இவர்களின் ஓராண்டு டிப்ளமோவை வைத்துச் செவிலியராகப் பதிய முடியாது.

கேட்கப் போனபோது அலுவலகத்தில் ஒரு சட்டம் போட்ட காகிதத்தைக் காட்டினார்களாம். “பாரும்மா, அரசாங்க முத்திரை இருக்கு.” அது டிரஸ்டைப் பதிவு செய்த பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் டிரஸ்ட் பதியலாம். அது டிரஸ்ட் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. அது நடத்தும் படிப்புக்கு அங்கீகாரம் ஆகாது. ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் அப்படித்தான். ‘அரசுப் பதிவு’ என்பதை ‘அரசு அங்கீகாரம்’ என்று படிக்க வைப்பதில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கடிதத்தைத் திரும்ப எழுதினோம். ஏழ்மையை எடுத்துவிட்டோம். சாதியையும் எடுத்துவிட்டோம், ஸ்காலர்ஷிப் வாக்குறுதி வரும் இடத்தைத் தவிர. கருணை என்ற சொல்லுக்கு அதில் வேலையே இல்லை. தலைமுறை தலைமுறையாக மனு எழுதியே பழகிய கை நம்முடையது; உரிமையைக் கேட்கும்போதும் குனிந்துகொள்கிறது. பணம் இவருடையது, பொய் சொன்னது அவர்கள்.

புதிய கடிதம் இப்படிப் போகிறது: “உங்கள் விளம்பரத்தில் அரசு அங்கீகாரம் பெற்றது என்று கூறியதை நம்பிச் சேர்ந்தேன். இப்படிப்பு செவிலியர் குழுமப் பதிவுக்குத் தகுதியற்றது என இப்போது அறிகிறேன். அங்கீகார ஆணை இருந்தால் அதன் எண், நாள், நகல் தரவும். இல்லையெனில் நான் செலுத்திய ரூ.45,000-ஐ 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிப்பேன்.” ஆணை எண் கேட்கும் வரிதான் இதில் முக்கியம். இருந்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம்.

அசல் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அங்கே இருந்தன. அவற்றைத் தனிக் கடிதத்தில் கேட்கச் சொன்னோம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், “சர்டிபிகேட்டை வாங்கிக்கோ, பணத்தை விட்டுடு” என்று பேரம் பேசுவார்கள்.

ரசீதில் ஒரு சிக்கல். 20,000 ரூபாய்க்குத்தான் ரசீது, அதிலும் ‘நன்கொடை’ என்று போட்டிருந்தது. மீதியை அண்ணன் ஜிபேயில் அனுப்பியிருந்தார். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து இணைத்தோம். நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் “பீஸ் கட்டு” என்று வந்த செய்தி எல்லாவற்றுக்கும் நகல் வைத்தோம். கடிதம் ஒப்புகையுடன் தபாலில் போனது. நேரில் கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்க மாட்டார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்குள். “கல்வி, சேவையில் வராது” என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதை ஏற்ற தீர்ப்புகளும் உண்டு. ஆனால் அங்கீகாரம் இருப்பதாகப் பொய் விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த பீகார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சேவைக் குறைபாடு என்றே சொல்லி மாணவர்களுக்கு நிவாரணம் அளித்தது. அதனால்தான் கடிதத்தில் பாடம் சரியில்லை, ஆசிரியர் வரவில்லை என்று எதையும் சேர்க்கவில்லை. விளம்பரப் பொய் ஒன்றையே பிடித்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் சான்றிதழ்கள் வந்துவிட்டன. “பாதிப் பணம் தருகிறோம், எழுதிக் கொடு” என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். மாணவி மறுத்துவிட்டார். அதே நோட்டீஸை நம்பிச் சேர்ந்த இன்னும் நான்கு பெண்கள் இப்போது ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.