4.6 நட்சத்திரம்... அரை வயிறு பிரியாணி!

விராலிமலை வாலிபர் ஒருவர் திருச்சியில் குமாஸ்தா. ராத்திரி தனக்கும் அறை நண்பருக்குமாக செல்போனில் ஒரு பிரியாணி "ஆர்டர்" கொடுத்தார். கடைக்கு 4.6 நட்சத்திரம். படத்தில் தட்டு நிறைய சோறு. வந்த டப்பாவோ ஒருத்தருக்கே பத்தவில்லை!

தப்பு கடைக்காரர் மேல் மட்டுமா?

அந்த 4.6 போட்டவர்கள் வெறும் 18 பேர். நட்சத்திரத்தின் பக்கத்திலேயே அந்தக் கணக்கு இருந்தது. அடுத்த 6 பேர் கோபத்தில் 1 நட்சத்திரம் போட்டால் 4.6 என்பது 3.7 ஆகச் சரிந்துவிடும். கீழே இன்னொரு கடைக்கு 4.2தான். ஆனால் போட்டவர்கள் 2 ஆயிரம் பேர்! அங்கே 6 பேர் கோபம் எடுபடாது. நம்பக்கூடிய கடை அதுதான்.

திட்டி எழுதியதையும் படிக்க வேண்டும். "வண்டி லேட்" என்றால் அது சமையல்காரர் குற்றம் அல்ல. "அளவு கம்மி" என்று சமீபத்தில் நாலு பேர் எழுதியிருந்தால் உஷார்!

கடைக்காரர் போடும் படம் கல்யாணத் தரகர் காட்டும் போட்டோ மாதிரி! கம்ப்யூட்டரே தயாரித்த சாப்பாட்டுப் படங்களை நீக்கப் போவதாக 2024 ஆகஸ்டில் சொமேட்டோ நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது. சாப்பிட்டவர் எடுத்த படம் இருந்தால் அதில் டப்பாவும் ஸ்பூனும் தெரியும். அளவு புரிந்துவிடும்.

பிரியாணி பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் Serves 1 என்று இருந்தது. ஒருத்தருக்கு என்று அர்த்தம். குமாஸ்தா அதைப் பார்க்கவே இல்லை. ஆள் கணக்கோ, கிராமோ, துண்டுக் கணக்கோ எழுதாத கடையா? முதல் தடவை ஒன்றே ஒன்று வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். விருந்தாளி வந்த அன்றைக்கா பரீட்சை வைப்பது?