வீடு போனால் கடன் போகுமா?

"வீட்டைத்தான் எடுத்துக்கொண்டார்களே, இனி என்ன பாக்கி?" என்று நம் தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது.

2002-ம் வருஷத்துச் சர்பாசி சட்டப்படி, பாங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை ஏலம் போடலாம். தவணை பாக்கி தொண்ணூறு நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடன் கணக்கில் சேருகிறது. பிறகு அறுபது நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தால், பாங்கி பதினைந்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பணம் கட்டாவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும். இதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக நாற்பத்தைந்து நாள்தான் உண்டு.

ஏலத்தன்று காலையில் பணத்தோடு ஓடினால் வீட்டை மீட்கலாம் என்பது பழைய எண்ணம். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகுமுன் பாக்கி முழுவதையும் செலுத்த வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மில் தொழிலாளி ஒருவர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். பக்கத்துத் தறிக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வட்டியோடு பாக்கி 11 லட்சம். வீடு 8 லட்சத்துக்கு ஏலம் போனது. ஏலச் செலவு 50 ஆயிரம் முதலில் கழியும். மிச்சம் ஏழரை லட்சம் கடனில் வரவு. இன்னும் மூன்றரை லட்சம் பாக்கி! வீடு 12 லட்சத்துக்குப் போயிருந்தால், கடனும் செலவும் போக மிஞ்சும் 50 ஆயிரம் கடன்காரருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டும்.

அந்த மூன்றரை லட்சத்துக்குப் பாங்கி சிவில் கோர்ட்டில் பிராது போடலாம். பாக்கி 20 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும்.

ஜாமீன்தாரர் கதி என்ன? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு, கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் என்கிறது. வீட்டை விற்றுப் பார்த்துவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்பதில்லை. முதலிலேயே இவரைப் பிடிக்கலாம். கட்டிய ஜாமீன்தாரர், கட்டிய தொகையைக் கடன்காரரிடம் கேட்டுப் பெறலாம். வீடு விற்காமல் இருந்தால் அதன் மேல் பாங்கிக்கு இருந்த உரிமையும் இவருக்கு வரும். ஆனால் கையில் காசில்லாதவரிடம் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

சிவில் நடைமுறைச் சட்டம், கூலித் தொழிலாளியின் கூலியையும் பிராவிடண்ட் பண்டையும் ஜப்தியிலிருந்து காக்கிறது. விவசாய நில அடமானத்துக்குச் சர்பாசி செல்லாது. இந்த இரண்டும் நமக்குள்ள அரண்கள்.

வீட்டை விற்று, பாக்கி நின்ற பிறகே ஜாமீன்தாரரைத் தொட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும் என்கிறோம் நாம். அதுவரை, தோழரே, நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதே. வந்த தேதியைக் குறித்து வை. ஜாமீன்தாரருக்கும் அன்றே சொல்லிவிடு. நாள் எண்ணிக்கைதான் இங்கே வீட்டைக் காப்பதும் கெடுப்பதும்.