கணக்கை ஒளித்துவைத்துத் தரும் இயற்பியல் யாருக்கு?

ஸ்டீபன் ஹாக்கிங் 1988இல் வெளியிட்ட காலம் பற்றிய புத்தகம் நம்மில் பலருக்குத் தெரியும். நலங்கிள்ளியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வந்திருக்கிறது. அதன் முகப்பில் ஹாக்கிங் ஒரு செய்தி சொல்கிறார். புத்தகத்தில் சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ அவரிடம் சொன்னார்களாம். கடைசியில் E=mc² என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஹாக்கிங் அதை நகைச்சுவையாகச் சொன்னார். பதிப்பகங்கள் அதையே சட்டமாக்கிக்கொண்டன. "ஒரு சமன்பாடுகூட இல்லை", "கணக்கு வராதவர்களும் படிக்கலாம்" என்று அட்டையிலேயே விளம்பரம் செய்கிறார்கள். பார்க்கக் கருணை மாதிரி இருக்கிறது. எனக்கு அது திண்ணையோடு நிறுத்தி அனுப்புகிற உபசாரம் மாதிரி இருக்கிறது. உள்ளே வராதே, வாசலில் உட்கார், கதை சொல்கிறேன், கேட்டுக்கொண்டு போ.

முதலில், "கணக்கு வராதவர்" யார்? சாமளாபுரம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தறி நிமிடத்துக்கு 120 பிக் ஓடுகிறது, துணியில் அங்குலத்துக்கு 60 பிக் வேண்டும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 2 அங்குலம், மணிக்கு 10 அடி என்று காகிதம் இல்லாமலே சொல்லிவிடுவார். பிக் கூடினால் துணியின் நீளம் குறையும், மீட்டருக்குக் கூலி பேசியிருந்தால் வருமானமும் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். இது விகிதக் கணக்கு. அவருடைய பிள்ளை ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கோட்டைவிடுகிறது. திரும்பச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை, டியூஷனுக்குப் பணமில்லை. அடுத்த வருடப் பாடம் அந்தப் பின்னத்தின் மேல் ஏறி நிற்கிறது. பத்தாவது முடிக்கும்போது "உனக்குக் கணக்கு வராது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நமக்குக் கணக்கு வராமல் இல்லை தோழர்களே. வரவிடாமல் நிறுத்தினார்கள்.

இப்போது கணக்கை எடுத்துவிட்டு என்ன தருகிறார்கள் என்று பார்ப்போம். ஈர்ப்பு விசைக்கு எல்லாப் புத்தகத்திலும் ஒரே படம்தான். இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பு, நடுவில் கனமான குண்டு, பள்ளத்தை நோக்கி உருளும் சின்னக் கோலி. "வெளி இப்படித்தான் வளைகிறது, அதனால்தான் பொருள்கள் விழுகின்றன" என்கிறார்கள். கோலி ஏன் பள்ளத்துக்குள் உருண்டது? விரிப்புக்குக் கீழே இருக்கும் பூமி இழுத்ததால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அதைவிட மோசம் ஒன்று உண்டு. நாம் கைவிட்ட கல் கீழே விழுவதில் வெளியின் வளைவுக்குப் பங்கு மிகமிகச் சிறியது. உயரத்துக்கு உயரம் நேரம் வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் அங்கே முக்கியம். விரிப்புப் படத்தில் நேரமே இல்லை.

நேரம் வெவ்வேறு வேகத்தில் ஓடுமா? அதற்கு உங்கள் கைபேசியே சாட்சி. வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 3.9 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. ஓடுகிற கடிகாரம் மெதுவாகும் என்கிறது சார்பியல். எவ்வளவு மெதுவாகும்? நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். செயற்கைக்கோளின் வேகம் அதில் ஏறத்தாழ 77,000இல் ஒரு பங்கு. 77,000ஐ அதனாலேயே பெருக்கினால் சுமார் 593 கோடி. அதை இரட்டித்தால் 1186 கோடி. 1186 கோடி நொடிக்கு 1 நொடி என்ற விகிதத்தில் அந்தக் கடிகாரம் பின்தங்கும். ஒரு நாளில் 86,400 நொடி, அதாவது 8640 கோடி மைக்ரோநொடி. 8640ஐ 1186ஆல் வகுத்தால் 7 சொச்சம். நாளுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்குகிறது. அவ்வளவுதான் கணக்கு.

ஏன் இரட்டிக்க வேண்டும்? மூலச் சூத்திரத்தில் ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. ஒன்றிலிருந்து கொஞ்சமே குறைந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் குறை பாதியாகும். 0.98இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.99. குறை பாதியானால், பங்கின் கீழே உள்ள எண் இரட்டிக்கும். ஒளியின் வேகத்தை நெருங்கினால் இந்தக் குறுக்குவழி செல்லாது. 0.2இன் வர்க்கமூலம் 0.6 அல்ல, 0.45 பக்கம். எது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்வதற்கு மூன்று வரிதான் பிடித்தது.

இனி ஈர்ப்பின் பங்கு. அந்த உயரத்தில் ஈர்ப்பு தளர்வு, அதனால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகிறது. 45இல் 7 போனால் 38. 1977இல் அமெரிக்கர்கள் ஒரு சோதனைச் செயற்கைக்கோளில் சீசியம் கடிகாரம் வைத்து அனுப்பினார்கள். திருத்தம் எதுவும் செய்யாமல் சுமார் 20 நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கணித்த 38க்குப் பக்கத்திலேயே முந்தியது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. ஒளி ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். 38ஐ 300ஆல் பெருக்கினால் 11,400 மீட்டர். உடனே பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன: "ஐன்ஸ்டைன் இல்லையென்றால் வரைபடம் ஒரே நாளில் உங்களை 11 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்." சாமளாபுரம் குளக்கரையில் நிற்பவரை வேறொரு ஊரில் காட்டுமாம்.

உண்மையா? உங்கள் கைபேசியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையையும் கண்டுபிடிக்கத்தான் மூன்றுக்குப் பதில் நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. நான்கும் ஒரே அளவு முந்தினால், அந்தப் பொதுப் பிழை முழுவதும் "கைபேசிக் கடிகாரத்தின் தவறு" என்ற கணக்கில் போய்விடும். இடம் பெரிதாக நகராது. செயற்கைக்கோள் 38 மைக்ரோநொடியில் நகரும் தூரம் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி. முதல் நாள் பிழை அந்த அளவில்தான் இருக்கும், பிறகு நாளுக்கு நாள் சேரும். சார்பியல் திருத்தம் தேவை என்பதில் சந்தேகமில்லை. எல்லாக் கோள்களின் பாதையும் ஒன்றுபோல் இல்லை, துல்லியமான நேரமும் வேண்டும். ஆனால் அந்த 11 கிலோமீட்டர் கதை அப்படியே சரியல்ல.

கணக்கில்லாத புத்தகம் படித்தவர் இந்தக் கதையை என்ன செய்ய முடியும்? நம்பத்தான் முடியும். யார் சொன்னார், எவ்வளவு பெரியவர் என்று பார்த்து நம்பலாம். இதைத்தானே ஆயிரம் வருடமாக நமக்குச் சொன்னார்கள்? மந்திரத்தைக் கேள், அர்த்தம் கேட்காதே. எதிர்த்துக் கேட்க வழி தராத அறிவியல் புராணமாகத்தான் வந்து சேரும். கருந்துளை, குவாண்டம் என்று பெயர் மட்டும் புதிது. அதனால்தான் "குவாண்டம் வேதத்திலேயே இருக்கிறது" என்று நாளைக்கு ஒருவர் மேடையேறும்போது, ரப்பர் விரிப்பு மட்டும் பார்த்த நம் தம்பி தங்கைகளிடம் பதில் இருப்பதில்லை. எத்தனை மைக்ரோநொடி, கணக்கைக் காட்டு என்று கேட்கும் பழக்கத்தை யாரும் தரவில்லை.

வேறு மாதிரியும் எழுதலாம். ஐன்ஸ்டைனே 1917இல் பொதுவாசகருக்கு ஒரு சிறு புத்தகம் எழுதினார். பள்ளிப் படிப்பு முடித்தவரை மனத்தில் வைத்து எழுதினார். சமன்பாடுகளை ஒளிக்கவில்லை. பள்ளி இயற்கணிதத்தோடு நிற்கக்கூடியவற்றை உள்ளேயே வைத்தார். வாசகர் மெதுவாகப் படிப்பார், ஆனால் படிப்பார் என்று நம்பினார்.

ஆகவே நம் படிப்பு வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் புத்தகம் வாங்கும்முன் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள். அங்கே நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு எண்ணாவது இருக்கிறதா? உவமை எங்கே உடையும் என்று ஆசிரியர் சொல்கிறாரா? இரண்டும் இல்லையென்றால் அலமாரியிலேயே திருப்பி வையுங்கள். இருந்தால் பென்சிலோடு உட்காருங்கள். பின்னம் மறந்திருந்தால் முதல் வாரம் பின்னம் படிப்போம். தறிக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

எளிமை கேட்கிறோம். அதற்காகக் கணக்கைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை.