தராசு யார் கையில்?

"இடைத்தரகனை ஒழித்துவிட்டோம்; இனி விவசாயி நேராகக் கம்பெனிக்கே விற்கலாம்" என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று 2020-ல் மத்திய சர்க்கார் திட்டம் தொடங்கியது. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் எந்த நிபந்தனையில் விற்பது என்பதுதான் கேள்வி.

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடும் குழு ஒன்று, மொத்தக் கொள்முதல்காரருக்கு எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தரம், கிலோ 40 ரூபாய், வாரம் ஒரு லோடு 5 டன், நான்கு வாரம். விலை, அளவு, தேதி மூன்றும் இருக்கின்றன. ஆனால் தரத்தை எங்கே, யார் பார்ப்பது என்பது மட்டும் இல்லை. கொள்ளை நுழையும் வாசல் அதுதான்!

லாரி கம்பெனிக் கிடங்குக்குப் போகிறது. அவர்கள் ஆள், அவர்கள் சல்லடை. "1 டன் பொடி, ஈரக் கழுத்து, பாதி விலைதான்" என்கிறார்கள். திருப்பிக்கொண்டு வந்தால் லாரி வாடகை, மூட்டைக்குள் புழுக்கம், அழுகல். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறான் விவசாயி. 4 டன்னுக்கு 1,60,000. 1 டன்னுக்கு 20,000. இதில் லாரி வாடகை 10,000, தரம் பிரித்த கூலியும் சாக்கும் 10,000 போனால், கையில் நிற்பது 1,60,000. அதாவது கிலோ 32 ரூபாய்! களத்திலேயே தரம் பிரிக்காமல் 33-க்குக் கேட்ட வியாபாரியை விடவும் குறைவு. அப்படியானால் ஒழிந்தது யார்? தரகனா, விவசாயியா?

ஆகவே குழு எழுதவேண்டியது இதுதான். தரம் பார்ப்பதும் எடை போடுவதும் நமது களத்தில், கொள்முதல்காரரின் ஆள் முன்னிலையில். சல்லடைக் கண் எத்தனை மில்லிமீட்டர், பொடியும் முளையும் நூற்றுக்கு எவ்வளவு வரை செல்லும் என்பது எழுத்தில். இரு தரப்பும் முத்திரையிட்ட மாதிரி மூட்டை ஒன்று. லாரி கிளம்பியபின் கழிவு என்ற பேச்சே கூடாது. பணம் எத்தனை நாளில் என்பதும் எழுத்தில்.

"விவசாயி வாக்குத் தவறுகிறானே, சந்தையில் 50 ரூபாய் ஆனால் அங்கே ஓடுகிறானே" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். உண்மைதான், இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. சந்தை 20-க்கு விழும்போது அவர்கள் சல்லடைக் கண் அகலமாவதும் உண்மைதானே! இதற்கு வழி, அடிவிலை ஒன்றை உறுதி செய்துவிட்டு, அதற்கு மேல் சந்தை உயர்ந்தால் விலையும் உயரும் என்று எழுதுவது. குழுவும் எதிர்பார்க்கும் மகசூல் முழுவதையும் வாக்களிக்கக் கூடாது. தாள் அரிந்து, நன்கு உலர்த்தி, பட்டறையில் போட்டிருப்பதை எண்ணி அதில் ஒரு பங்கைத்தான் வாக்களிக்கவேண்டும். பட்டறையில் இருப்பு இருந்தால்தான் மழை வாரத்திலும் தேதி தவறாது.

இந்த நிபந்தனைகளைத் தனி விவசாயி சொன்னால் கதவைச் சாத்துவான். 200 குடும்பத்தின் பட்டறைகள் ஒரே குரலில் சொன்னால் கேட்டே தீரவேண்டும். குழு என்பது லாரி பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் அல்ல. தராசைக் கைப்பற்றும் சங்கம்!