மதுரையா, சிதம்பரமா?

கல்யாண வரவேற்பில் "ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்று யாராவது மைக்கைக் கொடுத்தால், நம்மவர்கள் உடனே ராமரையும் சீதையையும் இழுத்து வந்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. அந்தக் கதையில் அடுத்து வருவது வனவாசம். முருகன்-வள்ளி என்று ஆரம்பித்தாலோ, "தெய்வானை எங்கே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடிக்கடி சொல்லுவார், "கொம்பரேசோன் நே பா ரேசோன்" என்று. ஒப்பிடுவது வேறு, நிரூபிப்பது வேறு. ஆகவே முழுக்கதையும் வேண்டாம், இந்த மணமக்களுக்குப் பொருந்துகிற ஒரு துண்டு போதும்.

போன தையில் என் நண்பர் மகளுக்குப் புதுச்சேரியில் கல்யாணம். பெண்ணுக்கு மதுரையில் நல்ல வேலை. மாப்பிள்ளை தன் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வருத்தம். "வீட்டோட மாப்பிள்ளையாப் போறான்" என்று ஒரு சித்தப்பா பந்தியிலேயே சத்தமாகச் சொன்னார். நண்பர் முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் பேச வேண்டியவன் நான்.

நான் மீனாட்சி கல்யாணத்தை எடுத்துக்கொண்டேன். பேசியது ஏறக்குறைய இதுதான்:

"மலயத்துவச பாண்டியனுக்கு ஆண்பிள்ளை இல்லை. மகள் தடாதகைக்கே முடிசூட்டினார்கள். அவள் எட்டுத் திசையும் ஜெயித்துக் கைலாயம் வரைக்கும் படையோடு போனாள். அங்கே சிவனைப் பார்த்ததும் அத்தனை வீரமும் போய் வெட்கம் வந்துவிட்டது. அப்புறம் பெண் கைலாயத்துக்குக் குடிபோனாளா? இல்லை. மாப்பிள்ளைதான் மதுரைக்கு வந்தார், சுந்தர பாண்டியன் என்று பேர் வைத்துக்கொண்டு ஆட்சியும் செய்தார். உலகத்துக்கே அப்பனானவர் மாமனார் ஊரில் குடியேறியதில் யாரும் குறை சொன்னதாகப் புராணத்தில் இல்லை. நம் மாப்பிள்ளையும் அந்த ஊருக்குத்தான் போகிறார். இனி இவர் வீட்டில் மதுரையா சிதம்பரமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, முகவரியிலேயே எழுதியிருக்கிறது."

சபை சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பயம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டுமே. குண்டோதரன் கைகொடுத்தான்.

"கல்யாணச் சாப்பாடு மலைபோல் மிஞ்சிவிட்டது என்று மீனாட்சி சொன்னாள். பெண் வீட்டுப் பெருமை! சுவாமி தன் பக்கத்து ஆள் ஒருவனை, குண்டோதரனை, காட்டினார். அவன் சமைத்தது, சமைக்காதது எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டான். அவன் தாகத்துக்கு வைகையையே வரவழைக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெண் வீட்டாரே, மாப்பிள்ளை வீட்டாரைக் குறைவாக எடைபோடாதீர்கள்."

மீனாட்சி பிறப்பைப் பற்றிய அதிசயத்தை நான் தொடவில்லை. பூஜையில் கேட்கலாம், மேடையில் பெண்ணை நிற்கவைத்துக்கொண்டு சொல்லக்கூடாது.

ராத்திரி பந்தியில் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குண்டோதரன்னு என்னைத்தானே சொன்னீங்க?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்.