கோளாறு அல்லாததையும் எழுதுங்கள்

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும். மிக்ஸி ஓடவில்லை, மோட்டார் சத்தம் போடுகிறது என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். டிப்ளமோ முடித்து டீசல் லோகோ ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் எண்ணெய்க் கறையோடு வாழ்ந்தவனுக்கு எல்லா இயந்திரமும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். அப்படித்தான் போன ஜனவரியில், துவாரகாவில் எங்கள் எதிர்வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைப் பார்க்கப் போனேன்.

அந்தக் குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி டெல்லிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓர் இயந்திரம் வாங்கியது அவர்கள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. "மாமா, அக்டோபர்ல முக்கால் மணி நேரத்துல தொட்டி நிறைஞ்சிரும். இப்போ ஒரு மணி நேரம் ஆகுது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, மெம்ப்ரேன் கராப் ஹோ கயான்னு மூவாயிரம் ரூபாய் கேக்காரு. மாத்திரலாமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"கூட வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?" என்றேன். கொண்டு வந்து கொடுத்தார். ஆங்கிலமும் இந்தியுமாகப் பளபளப்பான முப்பது பக்கம். முதல் பக்கங்களில் இயந்திரத்தின் பெருமை, நடுவில் உதிரி பாகங்களின் படம், கடைசியில் கோளாறு அட்டவணை. 'தண்ணீர் மெதுவாக வருகிறது' என்ற வரிக்கு எதிரே 'சேவை மையத்தை அழைக்கவும்' என்று இருந்தது. மற்ற ஏழு வரிகளுக்கு எதிரேயும் அதே வாசகம்தான். அதற்கு ஓர் அட்டவணை எதற்கு? ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் போட்டிருக்கலாமே!

ரயில்வேயில் என்ஜின் ஓட்டுநரின் பையில் ஒரு கையேடு இருக்கும். வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டால் அவர் அதைத்தான் புரட்டுவார். அது பாகங்களின் பெயரில் தொடங்குவதில்லை. அவர் கண்ணெதிரே இருக்கும் நிலைமையில் தொடங்கும். 'என்ஜின் சுழல மறுக்கிறதா? முதலில் இதைப் பார். அது சரியாக இருந்தால் அடுத்து இதைப் பார்.' சுலபமானது முதலில், கடினமானது கடைசியில். எது வரை தானே செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். வீட்டு இயந்திரத்தின் கையேடும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டுக்காரருக்கு அதில் இன்னொன்றும் தேவை. எது கோளாறு என்பதோடு, எது கோளாறு அல்ல என்பதையும் எழுத வேண்டும்.

எதிர்வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு லிட்டர் பாட்டிலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டேன். தொட்டிக்குள் விழும் நல்ல தண்ணீரைப் பிடித்தேன். ஒரு லிட்டர் நிறைய ஏழரை நிமிடம் ஆயிற்று. கழிவுநீர்க் குழாயைப் பாட்டிலில் விட்டேன். அது இரண்டரை நிமிடத்தில் நிறைந்தது. நல்ல வேளையாக, செப்டம்பரில் இயந்திரத்தைப் பொருத்திய பையன் அளந்த கணக்கை அந்தப் பெண் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தார். நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஐந்து நிமிடம், கழிவுநீர் இரண்டேகால் நிமிடம். உள்ளே போகும் தண்ணீரில் உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 850. வெளியே வருவதில் 70.

என்னிடமிருந்த சின்ன டி.டி.எஸ். மீட்டரால் அளந்தேன். உள்ளே போவது அதே 850, வெளியே வருவது 65. மெம்பரேன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. பிறகு வாளித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். பன்னிரண்டு டிகிரி! மாடித் தொட்டியில் இரவெல்லாம் பனியில் கிடந்த தண்ணீர் அல்லவா?

விஷயம் இதுதான். மெம்பரேன் என்பது மிக நுண்ணிய ஒரு படலம். பம்பின் அழுத்தத்தில் தண்ணீர் அதன் வழியே கசிந்து வருகிறது. தண்ணீர் குளிரக் குளிர இந்தக் கசிவு குறையும். குளிர்ந்த எண்ணெய் மெதுவாக ஊற்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 25 டிகிரி தண்ணீரை வைத்துத்தான் இயந்திரத்தின் வேகத்தைக் குறிப்பிடுகிறார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் மூன்று சதவீதம் குறையும். பதின்மூன்று டிகிரி இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான் மிஞ்சும். ஐந்து நிமிடம் ஏழரை நிமிடம் ஆவதற்குக் கணக்கு சரியாக வருகிறது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் இவ்வளவு குளிரும் என்பதே புதிது. இயந்திரத்தைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கையேட்டில் அந்த ஒரு வரி இல்லை. அந்த வரியின் விலைதான் மூவாயிரம் ரூபாய்.

"ஒன்றும் மாற்ற வேண்டாம் அம்மா. மார்ச் மாதம் மறுபடி அளந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டு இயந்திரத்துக்குத் தமிழில் இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுதினேன். பகலில் வீட்டில் இருப்பவர் அந்தப் பெண்ணின் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

எழுதியதை அவரிடம் கொடுத்து, நான் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'செடிமென்ட் ஃபில்டரைப் பார்க்கவும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "மூணு குழாயும் வெள்ளையாத்தானே இருக்கு, இதுல எது தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. பெயரை அடித்துவிட்டு, குழாய்களின் மேல் 1, 2, 3 என்று காகிதம் ஒட்டி, கையேட்டிலும் அந்த எண்களையே எழுதினேன். சோலினாய்டு வால்வு என்பது 'தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு' ஆயிற்று. எழுதியவனே பக்கத்தில் நின்று விளக்க வேண்டியிருந்தால் அது கையேடு ஆகாது.

முதல் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டேன். பொருத்திய நாளின் தேதி, நல்ல தண்ணீர் ஒரு லிட்டருக்கு எத்தனை நிமிடம், கழிவுநீர் ஒரு லிட்டருக்கு எத்தனை நிமிடம், உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பின்னால் வரும் அட்டவணையால் பயனில்லை. 'மெதுவாக வருகிறது' என்றால் எதைவிட மெதுவாக என்ற கேள்வி வருமே! சில இயந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் உப்புநீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும். அதனால் ஒரு வீட்டு எண்ணை இன்னொரு வீட்டு எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. அவரவர் முதல் நாள் கணக்குத்தான் அவரவருக்கு அளவுகோல்.

இரண்டாம் பக்கத்து அட்டவணை இது:

| நீங்கள் காண்பது | காரணம் | செய்ய வேண்டியது |
|---|---|---|
| நல்ல தண்ணீர் மெதுவாக வருகிறது. கழிவுநீர் ஏறக்குறைய முதல் நாள் போலவே வருகிறது. டி.டி.எஸ். ஏறவில்லை. குளிர்காலம். | தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. கோளாறு அல்ல. | ஒன்றும் செய்ய வேண்டாம். கீசர் தண்ணீரை இணைக்கவே கூடாது. |
| நல்ல தண்ணீர், கழிவுநீர் இரண்டுமே குறைந்துவிட்டன. | உள்ளே வரும் தண்ணீர் போதவில்லை. | குழாய் முழுதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே உள்ள 1-ஆம் எண் வடிகட்டி பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். |
| வெயில் காலத்திலும் நல்ல தண்ணீர் மெதுவாக வருகிறது. கழிவுநீர் குறையவில்லை. | மெம்பரேனில் உப்பு படிந்திருக்கலாம். | மெக்கானிக்கை அழையுங்கள். |
| டி.டி.எஸ். முதல் நாளைப் போல் இரு மடங்காகிவிட்டது. | மெம்பரேன் பழுது, அல்லது உள்ளே வரும் தண்ணீரே மாறிவிட்டது. | முதலில் உள்ளே போகும் தண்ணீரை அளந்து பாருங்கள். அது ஏறாமல் இருந்தால் மட்டும் மெக்கானிக்கை அழையுங்கள். |
| இயந்திரம் நின்று ஐந்து நிமிடம் கழிந்தும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. | திறந்து மூடும் வால்வில் துகள் சிக்கியிருக்கிறது. | வெளிக் குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். |
| வடிகட்டி மாற்றிய அன்று தண்ணீர் கறுப்பாக வருகிறது. | புதுக் கரித்தூள். கோளாறு அல்ல. | முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதன் பிறகும் வந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். |

முதல் மூன்று வரிகளையும் பாருங்கள். மூன்றிலும் புகார் ஒன்றுதான்: தண்ணீர் மெதுவாக வருகிறது. கழிவுக் குழாயை அளந்ததும் இரண்டாவது வரி தனியே பிரிந்துவிடுகிறது. பருவத்தையும் டி.டி.எஸ்ஸையும் பார்த்ததும் மற்ற இரண்டும் பிரிகின்றன. கையில் ஒரு பாட்டிலும் சில நூறு ரூபாய் மீட்டரும் இருந்தால் போதும். கீசர் தண்ணீரைப் பற்றி ஏன் எழுதினேன் என்றால், குளிர்தான் காரணம் என்று தெரிந்ததும் நம்மவர்களுக்கு அடுத்து அந்த யோசனைதான் வரும். வீட்டு மெம்பரேன்கள் பெரும்பாலும் 45 டிகிரிக்கு மேல் தாங்காது. அப்போது நிஜமாகவே மூவாயிரம் போய்விடும்.

அட்டவணைக்குக் கீழே மூன்று எச்சரிக்கைகள் எழுதினேன். மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். புற ஊதா விளக்கு எரியும்போது அதை உற்றுப் பார்க்காதீர்கள். மூன்றாவது, மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் 65 என்பதால் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால், தொட்டியில் கிடக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். "யார் சார் கையேடெல்லாம் படிக்கிறார்கள்?" என்று சிரித்தார். வாங்கிய அன்று யாரும் படிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். இரவு பத்து மணிக்குத் தண்ணீர் நின்றால் படிப்பார்கள். அந்த நேரத்துக்காகத்தான் எழுத வேண்டும். 'கோளாறு அல்ல' என்று எழுதினால் மெக்கானிக்கின் பிழைப்பு கெடும் என்றும் அவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அட்டவணையில் நான்கு இடங்களில் மெக்கானிக்கை அழைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வரும்போது என்ன கோளாறு என்பது பாதி தெரிந்திருக்கும். அவருக்கும் வேலை சுலபம், நமக்கும் ஏமாற்றமில்லை.

மார்ச் கடைசியில் எதிர்வீட்டுப் பெண் வந்தார். "மாமா, நேத்து அளந்தேன். அஞ்சு நிமிஷம், பத்து செகண்ட்" என்றார். மெம்பரேன் மாற்றவில்லை. முதல் பக்கத்துக் கட்டத்துக்குக் கீழே அந்தக் கணக்கையும் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார்.

நம் வாசகர்களில் யாராவது இந்தக் குளிர்காலத்தில் புதிதாக இயந்திரம் வாங்குவதாக இருந்தால், பொருத்த வரும் பையன் கிளம்புவதற்கு முன் அந்த நான்கு எண்களையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளை இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.