"கூடக் குறைய" என்றால் எவ்வளவு?

நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பில்லோடு வீட்டுக்கு வந்தார். பூட்டு வைத்து விற்கும் அச்சிட்ட அட்டைப் பெட்டிகளுக்கு சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். கேட்டது 5,000. வந்தது 5,480. பில்லும் 5,480க்கு. பெட்டி ஒன்று ஏழு ரூபாய். ஆக, கேட்காத 480 பெட்டிக்கு 3,360 ரூபாய், வரி தனி. அந்தப் பட்டறையில் அது ஓர் ஆளின் வாரக்கூலி.

போன் போட்டுக் கேட்டதற்கு, "அண்ணாச்சி, அச்சு வேலைன்னா கூடக் குறைய இருக்கத்தான செய்யும்" என்று பதில் வந்ததாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில், அதிலும் பாதி நாள் ஸ்டோர்ஸ் பிரிவில், சலான் ஒன்று சொல்ல சரக்கு ஒன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பதிவேடு எழுதியவன் நான். "கூடக் குறைய" என்ற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு பணம் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அச்சகத்தார் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். இந்தப் பெட்டி ஒரு பெரிய தாளில் நான்காக அச்சாகிறது. 5,000 பெட்டிக்கு 1,250 தாள் போதும். ஆனால் மை சரியாக விழும் வரை சில தாள் வீணாகும்; வெட்டி மடிப்புக் கோடு போடும் பஞ்சிங்கில் சில கிழியும்; ஒட்டும்போது சில கோணும். எவ்வளவு வீணாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் 1,350 தாள் ஏற்றுகிறார்கள். வேலை நன்றாக ஓடினால் பெட்டி மிஞ்சும், மோசமாக ஓடினால் குறையும். குறைந்த ஐம்பது பெட்டிக்காக மறுபடி மிஷினைத் தயார் செய்தால் அந்த ஐம்பதின் விலையைவிடச் செலவு அதிகம். ஆகவே கொஞ்சம் ஏற்ற இறக்கத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதை மறுப்பவன் தொழில் தெரியாதவன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,350 தாளில் ஒன்றுகூட வீணாகாமல் போனாலும் 5,400 பெட்டிதான் வரும். 5,480 எப்படி வந்தது? தாளையே அதிகம் ஏற்றியிருக்கிறார்கள். நான் அந்தத் தம்பியின் பழைய பில்களையும் வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் பதினோரு ஆர்டர். பதினொன்றிலும் கூடுதல், ஒன்றில்கூடக் குறையவில்லை. கழிவு என்பது ஒரு தடவை அதிகமாகவும் ஒரு தடவை குறைவாகவும் வரும். பதினோரு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குப் பெயர் கழிவு இல்லை, வியாபாரம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. குறைவாக அனுப்பினால் வாங்குபவர் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் வந்ததற்கு மட்டும், பேசிய விலையில் பணம் தர வேண்டும். கூடுதலாக அனுப்பினால் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம், முழுவதையும் மறுக்கலாம், முழுவதையும் ஏற்றுக்கொண்டால் முழுவதற்கும் பேசிய விலையில் தர வேண்டும்.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன் சார்" என்றார் தம்பி. அவசரப்படாதே என்றேன். அதே பிரிவின் கடைசியில் ஒரு வால் இருக்கிறது. தொழில் வழக்கம், தனி ஒப்பந்தம், இருவருக்கும் இடையே நடந்து வந்த முறை ஆகியவற்றுக்கு உட்பட்டே இதெல்லாம். பதினோரு தடவை வாயைத் திறக்காமல் பணம் கட்டியிருக்கிறார். "எங்களுக்குள் இப்படித்தான் நடந்து வந்தது" என்று எதிராளி சொல்ல அவரே சாட்சி தயாரித்துக் கொடுத்துவிட்டார். போதாததற்கு, சரக்கு வந்து மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் பாதிப் பெட்டியில் பூட்டைப் போட்டு விற்றும் விட்டார். அதுவும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்தான்.

எழுதி வைத்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். 1912இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. 4,500 டன் கோதுமை, பத்து சதவீதம் கூடலாம் குறையலாம் என்று ஒப்பந்தம். அதாவது உச்ச வரம்பு 4,950 டன். விற்றவர் அதற்கும் மேல் 55 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 25 கிலோ, கூடுதலாக அனுப்பிவிட்டார். வாங்கியவர் அதைச் சாக்காக வைத்து மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்றார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அற்பமான வித்தியாசம் என்றது. ஆனால் விற்றவர் அந்த 55 பவுண்டுக்குக் காசு கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வரம்பைத் தாண்டியது கைதவறிப் போனது, பில்லில் ஏறவில்லை. நம் ஆட்கள் செய்வது நேர் தலைகீழ்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். "ஏறக்குறைய" என்பதற்கு அங்கே "ஆன்விரோன்" என்பார்கள். அவர்களுடைய 1804ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் நிலம் விற்பதற்கு ஒரு விதி உண்டு: பத்திரத்தில் சொன்ன அளவைவிட நிலம் இருபதில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால், வாங்குபவர் அதற்குப் பணம் தரலாம், அல்லது வாங்குவதையே விட்டுவிடலாம். நிலத்துக்குச் சொன்னதுதான், பெட்டிக்கு இல்லை. ஆனாலும் அங்கே "ஏறக்குறைய"வுக்கு ஓர் எண் இருந்தது. நம் ஊரில் அந்த எண்ணைக் கேட்டால் "என்ன சார், நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள்.

தம்பிக்கு அடுத்த ஆர்டர் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அளவு 5,000, மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 4,850க்குக் குறையக்கூடாது, 5,150ஐத் தாண்டக்கூடாது. சதவீதம் மட்டும் போதாது, எண்ணையும் எழுது என்றேன். தகராறு வரும்போது யாரும் சதவீதம் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த வரம்புக்குள் எவ்வளவு வந்தாலும், எண்ணி வந்ததற்கு மட்டும் ஏழு ரூபாய் வீதம் பில். 5,150க்கு மேல் வந்தால் அதற்குப் பணம் இல்லை. வேண்டுமென்றால் அவர்கள் செலவில் எடுத்துப் போகலாம். குறைந்து வந்தால், "5,000க்குத்தான் ஏழு ரூபாய், இதற்கு ஏழரை" என்று விலையை மாற்றக்கூடாது. சரக்கு வந்த மூன்று வேலை நாளுக்குள் பட்டறையில் எண்ணி எழுத்தில் தெரிவிப்போம்.

இன்னொன்றும் சேர்த்தேன். 5,000க்கு முன்கூட்டியே பில் போட்டுவிட்டு 4,900 அனுப்பினால், மீதி நூறுக்கு கிரெடிட் நோட் தர வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. "அடுத்த ஆர்டர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்ற பேச்சே கூடாது. அந்த அட்ஜஸ்ட்மென்ட் யாருடைய நோட்டிலும் ஏறாமல் இரண்டு ஆர்டரில் மறைந்துபோவதை என் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

திருவிழாவுக்குள் 5,000 இருந்தே ஆக வேண்டும் என்கிற நிலை இருந்தால் "குறையவே கூடாது, ஐந்து சதவீதம் கூடலாம்" என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அப்படிக் கேட்பவர் அந்தக் கூடுதலுக்குப் பணம் தர மனசு வைக்க வேண்டும்.

கடிதம் போய் நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் கையெழுத்தாகி வந்தது. அந்த 3,360 ரூபாய் போனதுதான். அதைக் கேட்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

நேற்று புதுச் சரக்கு வந்தது. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டு கட்டாக எண்ணினோம். 4,936 பெட்டி, 4,936க்குப் பில். "என்ன சார், அறுபத்து நாலு குறையுதே" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார் தம்பி. பன்னிரண்டு ஆர்டரில் முதல் தடவையாகக் குறைந்திருக்கிறது.